இரண்டு வட்டம், நான்கு அம்பு: டெல் அவீவ் மழைக்கு ஒரு மார்க்கோவ் படம்



இன்று மாலை இந்தப் பலகையில் நாம் வரையப்போகும் படத்தில் இரண்டே இரண்டு வட்டங்கள், நான்கு அம்புகள். வரைவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த நான்கு அம்புகளின் மேல் என்ன எண்ணை எழுதுவது, எழுதியது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்குத்தான் மீதி நேரம் முழுவதும்.

மார்க்கோவ் சங்கிலி என்று ஆரம்பித்தாலே பாடப்புத்தகங்கள் வானிலைக்குப் போய்விடும். வெயில், மேகம், மழை என்று மூன்று வட்டம். 0.7, 0.2, 0.1 என்று எண்கள். கூட்டினால் ஒன்று வருகிறது, அத்தோடு பாடம் முடிந்தது. அந்த உதாரணத்தின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த 0.7 எந்த ஊரின் 0.7? யார் எண்ணினார்கள்? யாரும் எண்ணவில்லை. கூட்டினால் ஒன்று வரும்படி ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து போட்ட எண் அது. ஒன்று வருவதற்காகவே போட்ட எண்களைக் கூட்டி, ஒன்று வருகிறதா என்று சரிபார்ப்பதில் என்ன சோதனை இருக்கிறது? ஆகவே ஓர் ஊரில் உண்மையாகவே எண்ணப்பட்ட நாட்களை எடுத்துக்கொள்வோம்.

ஊர், மத்தியதரைக் கடலோரத்து டெல் அவீவ். அங்கே மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடை முழுக்க வானம் வெளுத்துக் கிடக்கும். கேப்ரியல், நியூமன் என்ற இருவர் அந்த ஊரின் தினசரி மழைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு 1962-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரிட்டனின் அரச வானிலையியல் கழகத்தின் காலாண்டிதழில் அது வந்தது. தினசரி மழைக்கு மார்க்கோவ் சங்கிலியைப் பயன்படுத்துகிறவர்கள் இன்றும் திரும்பிப் போய்ப் பார்க்கிற கட்டுரை அது. 1923-24 குளிர்காலம் தொடங்கி 1949-50 வரை 27 பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்கள் மட்டும். ஒரு நாளில் 0.1 மில்லிமீட்டராவது மழை பதிவாகியிருந்தால் அது மழை நாள், இல்லையென்றால் வறண்ட நாள்.

முதல் வேலை இங்கேயே முடிந்துவிட்டது, கவனித்தீர்களா? ஒரு வட்டத்துக்குள் எந்த நாள் போகும் என்பதற்குத் தெளிவான கோடு கிழித்தாயிற்று. எந்த நாளை எடுத்தாலும் அது இரண்டு வட்டங்களில் ஒன்றில் விழவேண்டும். இரண்டிலும் விழக்கூடாது, எதிலும் விழாமல் தப்பவும் கூடாது. வெயில், மேகம், மழை என்று பிரிக்கும்போது காலையில் வெயிலடித்து மாலையில் தூறிய நாளை எங்கே வைப்பது? அதை முடிவு செய்யாமல் அம்பு வரைந்தால், பின்னால் எந்தக் கூட்டலும் நம்மைக் காப்பாற்றாது.

இனி எண்ணிக்கை. ஒவ்வொரு நாளையும் அதற்கு முந்தின நாளோடு சேர்த்துப் பார்க்கிறோம். பலகையில் எழுதுகிறேன்:

| முந்தின நாள் | அடுத்து வறண்ட நாள் | அடுத்து மழை நாள் | கூடுதல் |
|---|---|---|---|
| வறண்டது | 1049 | 350 | 1399 |
| மழை | 351 | 687 | 1038 |

மொத்தம் 2437. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 28, ஆகப் பருவத்துக்கு 90 நாள். 27 பருவத்துக்கு 2430. இடையில் 1924-இலிருந்து 1948 வரை ஏழு லீப் ஆண்டுகள். ஏழு நாள் கூடுதல். சரியாக 2437. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. டிசம்பர் முதல் தேதிக்கும் ஒரு முந்தின நாள் வேண்டுமே? நவம்பர் 30-ஐயும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்க்காவிட்டால் பருவத்துக்கு ஒரு மாற்றம் குறைந்து 2410-தான் வந்திருக்கும்.

அடுத்து 350, 351 என்ற இரண்டு எண்கள். வறட்சியிலிருந்து மழைக்குப் போனது 350 தடவை. மழையிலிருந்து வறட்சிக்குத் திரும்பியது 351 தடவை. இந்த நெருக்கம் தற்செயல் இல்லை. வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தவர் மறுபடி வெளியே போகாமல் இரண்டாம் முறை உள்ளே வரமுடியாது. ஒரே பருவத்துக்குள் இந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வரவே வராது. 27 பருவங்களைச் சேர்த்தால் அதிகபட்சம் 27 வரை போகலாம். இங்கே கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்று ஒன்றே மிஞ்சியிருக்கிறது. நீங்கள் எண்ணும்போது முப்பது, நாற்பது என்று வித்தியாசம் வந்தால், அம்பு வரைவதை நிறுத்திவிட்டுப் பதிவேட்டுக்குத் திரும்பிப் போங்கள். எங்கேயோ ஒரு நாள் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும், அல்லது இடையில் தேதி விட்டுப்போயிருக்கும்.

இப்போது வகுத்தல். வறண்ட நாட்கள் 1399. அவற்றில் 1049-க்கு மறுநாளும் வறட்சி. 1049-ஐ 1399-ஆல் வகுத்தால் 0.750. மீதி 350-ஐ அதே 1399-ஆல் வகுத்தால் 0.250. மழை நாட்கள் 1038. அவற்றில் 351-க்கு மறுநாள் வறட்சி, அது 0.338. 687-க்கு மறுநாளும் மழை, அது 0.662.

படத்தை வரைவோம். இடது பக்கம் ஒரு வட்டம், உள்ளே 'வறண்டது'. வலது பக்கம் ஒரு வட்டம், உள்ளே 'மழை'. இடது வட்டத்திலிருந்து வலது வட்டத்துக்கு மேல்பக்கமாக வளைந்து போகும் ஓர் அம்பு, அதன்மேல் 0.250. வலதிலிருந்து இடதுக்குக் கீழ்ப்பக்கமாக வளைந்து வரும் ஓர் அம்பு, அதன்மேல் 0.338. இரண்டு திசைக்கும் ஒரே கோட்டைப் போட்டு இரு முனையிலும் அம்புத்தலை வைக்காதீர்கள். எந்த எண் எந்தத் திசைக்கு என்று பத்து நிமிடத்தில் உங்களுக்கே மறந்துவிடும். பிறகு ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் கிளம்பி அதே வட்டத்துக்குத் திரும்பும் சுழல் அம்பு. வறண்டதன்மேல் 0.750, மழையின்மேல் 0.662.

எண்ணை எங்கே எழுதுவது என்பதிலும் ஒரு சிறு யோசனை சொல்கிறேன். அம்பின் நடுவில் எழுதுவதுதான் வழக்கம். நான் அம்பு கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில், அதன் வால்பக்கத்தில் எழுதச் சொல்வேன். ஒரு வட்டத்துக்குச் சொந்தமான எண்கள் அந்த வட்டத்தைச் சுற்றியே உட்கார்ந்திருந்தால், கூட்டிப் பார்க்கும்போது கண் அலையாது.

கூட்டுவோம். வறண்ட வட்டத்திலிருந்து கிளம்பும் அம்புகள்: 0.750, 0.250. ஒன்று. மழை வட்டத்திலிருந்து கிளம்புபவை: 0.662, 0.338. ஒன்று. இது ஏன் ஒன்று வருகிறது என்றால், 1399 வறண்ட நாட்களும் மறுநாள் எங்கேயாவது போயாகவேண்டும். போகும் இடம் இரண்டுதான். 1049-உம் 350-உம் சேர்ந்து 1399 ஆகிவிட்டதால், வகுத்த பிறகு ஒன்று. நாள் கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது என்பதைத்தான் அந்த ஒன்று சொல்கிறது. அதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இந்தப் படத்தை எப்படியெல்லாம் தப்பாக வரையலாம் என்று பார்ப்போம். மாணவர்கள் அடிக்கடி செய்வது, சுழல் அம்பை மறந்துவிடுவது. மாற்றம் என்றால் ஓர் இடம் விட்டு இன்னோர் இடம் போவது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இருந்த இடத்திலேயே இருப்பதை மாற்றமாக நினைக்கத் தோன்றுவதில்லை. கூட்டிப் பார்த்தால் வறண்ட வட்டத்தில் 0.250 மட்டும் நிற்கும், உடனே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது தப்பு கொஞ்சம் தந்திரமானது. நான்கு எண்களையும் மொத்தமான 2437-ஆல் வகுத்துவிடுவது. 0.430, 0.144, 0.144, 0.282 என்று வரும். நான்கையும் கூட்டினால் ஒன்று! வரைந்தவருக்குத் திருப்தி. ஆனால் வறண்ட வட்டத்திலிருந்து கிளம்புவதைக் கூட்டினால் 0.574, மழையிலிருந்து கிளம்புவதைக் கூட்டினால் 0.426. அந்த 0.144 'இன்று வறண்டிருந்தால் நாளை மழை வருமா' என்ற கேள்விக்கு விடையில்லை. கண்ணை மூடிக்கொண்டு பதிவேட்டில் அடுத்தடுத்த இரண்டு நாட்களைத் தொட்டால், அவை வறட்சியும் மழையுமாக இருக்கும் வாய்ப்பு அது. இதைப் பிடிக்க எளிய வழி, படத்தில் உள்ள எல்லா அம்புகளையும் கூட்டிப் பார்ப்பது. இரண்டு வட்டம் என்றால் இரண்டு வரவேண்டும், மூன்று வட்டம் என்றால் மூன்று. மொத்தமே ஒன்றுதான் வருகிறது என்றால் இந்தத் தப்புதான் நடந்திருக்கிறது.

மூன்றாவது, நிரைக்குப் பதிலாக நிரலின் கூடுதலால் வகுப்பது. அதாவது அட்டவணையைக் குறுக்கே பார்க்காமல் மேலிருந்து கீழாகப் பார்ப்பது. 1049-ஐயும் 351-ஐயும் 1400-ஆல் வகுக்கிறோம். 350-ஐயும் 687-ஐயும் 1037-ஆல் வகுக்கிறோம். சுழல் அம்புகள் 0.749, 0.662. பார்த்தால் ஒன்றும் தெரியாது, சரியான விடையைப் போலவே இருக்கும். வட்டம் தாண்டும் அம்புகள்தான் இடம் மாறிவிடும். வறட்சியிலிருந்து மழைக்கு 0.338, மழையிலிருந்து வறட்சிக்கு 0.251. மொத்தக் கூட்டல் இரண்டு வருகிறது, ஆகவே முன்சொன்ன சோதனை இதைப் பிடிக்காது. வட்டம் வட்டமாகக் கூட்டினால் பிடிபடும்: வறண்டதிலிருந்து கிளம்புவது 1.087, மழையிலிருந்து 0.913. வட்டத்துக்குள் வந்து சேரும் அம்புகளைக் கூட்டிப் பார்த்து ஒன்று வருகிறதே என்று மகிழ்கிறவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். சரியான படத்தில் வந்து சேரும் அம்புகள் ஒன்றாகக் கூடவேண்டிய கட்டாயம் இல்லை. நம் படத்தில் வறண்ட வட்டத்துக்கு வருபவை 0.750-உம் 0.338-உம், அதாவது 1.088.

இப்போது, கூட்டல் பிடிக்கவே முடியாத ஒரு தப்பு. கேப்ரியலும் நியூமனும் ஏன் மூன்று மாதங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்? ஆண்டு முழுவதையும் எடுத்தால் நாட்கள் அதிகம் கிடைக்குமே? கோடையை மட்டும் சேர்த்துச் செய்து பார்ப்போம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் 92 நாள். அந்த ஊரில் அப்போது மழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம், உண்மைக்கு மிக அருகில்தான் இருக்கும். 27 ஆண்டுக்கு 2484 நாட்கள், அத்தனையும் வறட்சிக்குப் பின் வறட்சி. இவற்றை முதல் நிரையில் சேர்த்தால் 1399 என்பது 3883 ஆகிவிடும். மழைக்குப் போனது அதே 350. வகுத்தால் 0.090. சுழல் அம்பு 0.910. கூட்டினால் ஒன்று, எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஜனவரியில் குடை எடுத்துப்போகலாமா என்று யோசிக்கிறவருக்கு இந்த 0.090 பொய். ஜூலையிலும் அது பொய்தான். எந்த மாதத்துக்கும் பொருந்தாத ஓர் எண்ணை குளிர்கால வானத்தையும் கோடை வானத்தையும் கலந்து செய்திருக்கிறோம். அம்பின் எண் பருவம் முழுக்க மாறாமல் இருக்கவேண்டும் என்பதை இந்தப் படம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அது மாறாத காலத்துக்கு மட்டும்தான் படம் வரையலாம்.

இன்னொரு எச்சரிக்கை, மூன்றாம் தசமத்தைப் பற்றி. 0.250 என்பது 1399 நாட்களிலிருந்து வந்த எண். அதன் திட்டப்பிழை ஏறக்குறைய 0.012. 0.662-க்கு 0.015. அதாவது இரண்டாம் தசமமே கொஞ்சம் ஆடும், மூன்றாவது அலங்காரத்துக்கு. ஆனாலும் 0.250-க்கும் 0.662-க்கும் இடையே இருக்கும் தூரம் இந்த ஆட்டத்தைப் போல முப்பது மடங்குக்குப் பக்கம். ஆகவே நேற்றைய மழை இன்றைய மழைக்கு வழிவகுக்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சங்கிலிக்குப் பெயர் கொடுத்த ஆந்திரே மார்க்கோவ் வானிலையைத் தொடவே இல்லை. 1913-இல் அவர் எண்ணியது புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்தின் 20,000 எழுத்துகளை. உயிரெழுத்துக்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு 0.128, மெய்க்குப் பின் உயிர் வருவது 0.663. அங்கே ஒவ்வொரு எழுத்தும் தன் இனத்தை விட்டு ஓடப்பார்க்கிறது. டெல் அவீவ் வானம் அதற்கு நேர் எதிர். இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளப் பார்க்கிறது. அதே இரண்டு வட்டம், அதே நான்கு அம்பு. பெரிய எண்கள் தாண்டும் அம்பில் இருக்கின்றனவா, சுழல் அம்பில் இருக்கின்றனவா என்பதில்தான் வேறுபாடு.

படம் கையில் இருந்தால் என்ன கிடைக்கும்? முதலில், மழை பிடித்தால் எத்தனை நாள் நிற்கும் என்பது. மழை வட்டத்தை விட்டு வெளியேறும் அம்பு 0.338. ஒன்றை அதால் வகுத்தால் 2.96. சராசரியாக மூன்று நாள் மழை. வறண்ட வட்டத்தை விட்டு வெளியேறுவது 0.250, ஆகவே சராசரி வறட்சி நான்கு நாள். ஒரு மழைக்காலமும் ஒரு வறட்சிக்காலமும் சேர்ந்த சுற்று ஏறக்குறைய ஒரு வாரம். இந்தச் சுற்றுகளின் நீளத்தைப் பற்றி அதே இருவர் 1957-இலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து, நாளை மறுநாள். இன்று மழை. நாளை மறுநாள் மழை பெய்ய இரண்டு வழி உண்டு. நாளையும் மழையாக இருந்து மறுநாளும் தொடரலாம்: 0.662 பெருக்கல் 0.662, 0.438. அல்லது நாளை விட்டு மறுநாள் திரும்பலாம்: 0.338 பெருக்கல் 0.250, 0.085. சேர்த்து 0.523. இன்று வறண்டிருந்தால் இதே கணக்கு 0.353 கொடுக்கும். நாளைக்கு 0.662-உம் 0.250-உம் என்று அவ்வளவு தள்ளி நின்ற எண்கள் ஒரே நாளில் இவ்வளவு நெருங்கிவிட்டன. ஐந்தாம் நாளுக்குப் போனால் 0.432, 0.420. இன்று மழையா வறட்சியா என்பதை வைத்து ஐந்தாம் நாளைப் பற்றிச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. இரண்டும் போய்ச் சேரும் இடம் 0.425. முதலில் எண்ணிய 2437 நாட்களில் மழை நாட்களின் பங்கு எவ்வளவு? 1038-ஐ வகுத்துப் பாருங்கள், 0.426.

ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன. நேற்று மழையா என்பது போதும், முந்தாநாள் தேவையில்லை என்ற அனுமானம். இதைக் கும்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். 1038 மழை நாட்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: அன்றுதான் மழை தொடங்கிய நாட்கள் ஒரு குவியல், முந்தின நாளும் மழையாக இருந்த நாட்கள் இன்னொரு குவியல். இரண்டு குவியலிலும் தனித்தனியே, மறுநாள் மழை எத்தனை பங்கு என்று பாருங்கள். இரண்டும் 0.66-ஐ ஒட்டி வந்தால் நம் படம் போதும். டெல் அவீவுக்கு இந்த எளிய படம் நன்றாகப் பொருந்துகிறது என்பதுதான் 1962 கட்டுரையின் முடிவு.

பொருந்தாத ஊர்களும் உண்டு. அங்கே படத்தைத் தூக்கிப்போட வேண்டாம், வட்டங்களைக் கூட்டினால் போதும். வறட்சி-வறட்சி, வறட்சி-மழை, மழை-வறட்சி, மழை-மழை என்று இரண்டு நாளைச் சேர்த்து நான்கு வட்டம். பதினாறு அம்பு வருமோ என்று பயப்படாதீர்கள், எட்டுதான். 'வறட்சி-மழை' வட்டத்தில் இருப்பவர் மறுநாள் 'மழை-வறட்சி'க்கோ 'மழை-மழை'க்கோ மட்டும்தான் போகமுடியும். நேற்றைய மழையை யாரும் அழித்து எழுத முடியாதே. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் இரண்டு அம்பு, அவற்றின் கூட்டல் ஒன்று. சுழல் அம்பு வறட்சி-வறட்சிக்கும் மழை-மழைக்கும் மட்டும் உண்டு. மற்ற இரண்டுக்கும் சுழல் அம்பு வரைந்திருந்தால், கூட்டல் ஒன்று வந்தாலும் படம் தப்பு.

இதைச் சென்னைக்கு வரையலாமா என்று இந்த அரங்கத்திலேயே யாராவது கேட்பீர்கள். தாராளமாக வரையலாம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டெல் அவீவின் எண்களை அருகில் வைத்து ஒப்பிடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அது மழை நாள். அங்கே 0.1, இங்கே 2.5. ஒரே பதிவேட்டை இரண்டு கோடுகளால் வெட்டினால் இரண்டு வேறு படங்கள் வரும். தூறல் நாட்கள் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குக் குடிமாறிவிடும். எந்தக் கோடு என்று படத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

பதிவேட்டில் ஒரு நாள் காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதும் உடனே எழும். அதை வறண்ட நாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலத்த மழையில்தான் பதிவு தவறுவதற்கு வாய்ப்பு அதிகம். பூஜ்யம் போட்டால் அடைமழைக்கு நடுவே இல்லாத ஒரு வறண்ட நாளை நுழைத்துவிடுவோம், தாண்டும் அம்புகள் இரண்டுமே வீங்கிப்போகும். காலி நாளைத் தாண்டி அதற்கு முந்தின நாளையும் பிந்தின நாளையும் ஒட்டவைப்பதும் கூடாது. அந்த ஒரு நாளால் இரண்டு மாற்றங்கள் போகின்றன: அதற்குள் வந்தது ஒன்று, அதிலிருந்து கிளம்பியது ஒன்று. இரண்டையும் எண்ணாமல் விட்டுவிட்டு, நிரைக் கூடுதலையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு, பிறகு வகுங்கள்.